ஒரு பில்லருக்குக் கம்பி எவ்வளவு?

சிமென்ட்டை மூட்டைக் கணக்கில் வாங்குகிறோம், மூட்டைக் கணக்கிலேயே கலக்கிறோம். செங்கல்லை எண்ணி இறக்குகிறோம், எண்ணிக் கட்டுகிறோம். கம்பியின் கதை வேறு. கடைக்காரர் அதற்குக் கிலோவில் விலை சொல்வார். லாரியிலிருந்து அது 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பிகளாக இறங்கும். கட்டடத்துக்குள் போகும்போது மீட்டரும் சென்டிமீட்டருமாக வெட்டுப்பட்டுப் போகும். ஒரே பொருளுக்கு மூன்று அளவைகள். வீடு கட்டுகிறவர்கள் கம்பியில் பணத்தை இழப்பதும், சில சமயம் வீட்டின் பலத்தையே இழப்பதும் இந்த மூன்றுக்கும் நடுவில்தான்.

கணக்கு என்று பார்த்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். மொத்த நீளத்தை ஒரு மீட்டரின் எடையால் பெருக்கினால் கிலோ வரும். கிலோவை விலையால் பெருக்கினால் ரூபாய் வரும். சிக்கல் பெருக்கலில் இல்லை, பெருக்குவதற்கு நாம் எழுதுகிற நீளத்தில் இருக்கிறது. ஒரு பில்லரை எடுத்துக்கொண்டு அடி முதல் நுனி வரை போட்டுப் பார்ப்போம்.

நம் பில்லர்

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு வழக்கமாகப் போடுகிற "ஒன்பதுக்குப் பன்னிரண்டு" பில்லர். அதாவது 230 மி.மீ.க்கு 300 மி.மீ. மூலைக்கு ஒன்றாக 16 மி.மீ. கம்பி நான்கு. அவற்றைச் சுற்றி 8 மி.மீ. கம்பியில் ரிங், 150 மி.மீ. இடைவெளியில். வீடு இப்போதைக்குத் தரைத்தளம் மட்டும். பின்னால் மாடி எடுக்கும் எண்ணம் உண்டு.

தரைக்கு மேல் தெரிகிற பில்லரின் உயரத்தை மட்டும் அளந்து "பத்தடி" என்று எழுதுவது பலர் செய்கிற முதல் பிழை. கம்பி தரையில் தொடங்குவதில்லை. மண்ணுக்குள்ளே ஃபுட்டிங்கின் அடியில் தொடங்குகிறது. அங்கே விரித்திருக்கும் ஜல்லடைக் கம்பியின் மேல் உட்காருவதற்காக அதன் கால் "ட" போல மடங்கியிருக்கும். அந்தக் காலிலிருந்து கணக்கை ஆரம்பிக்க வேண்டும்.

மடக்கிய கால் 30 செ.மீ. ஃபுட்டிங் 45 செ.மீ. கனம், அடியில் 5 செ.மீ. கான்கிரீட் மறைப்பும் ஜல்லடையின் இரண்டு அடுக்குக் கம்பியும் போக, அதற்குள் கம்பி ஏறுவது 38 செ.மீ. ஃபுட்டிங்கின் மேல்மட்டத்திலிருந்து பேஸ்மட்ட பீமின் மேல்மட்டம் வரை 1.65 மீட்டர். அங்கிருந்து ரூஃப் கான்கிரீட்டின் மேல்மட்டம் வரை 3.15 மீட்டர். அதற்கும் மேலே, நாளைக்கு மாடி எடுக்கும்போது புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்ட விடுகிற நீளம். இதைத்தான் லேப் என்கிறார்கள். கம்பியின் விட்டத்தைப் போல 50 மடங்கு என்று வரைபடத்தில் எழுதியிருந்தால், 16 மி.மீ. கம்பிக்கு அது 80 செ.மீ.

கூட்டினால் 0.30 + 0.38 + 1.65 + 3.15 + 0.80 = 6.28 மீட்டர். தரைக்கு மேல் பத்தடியாகத் தெரிகிற பில்லருக்கு ஒரு கம்பி இருபதரை அடி வேண்டியிருக்கிறது. நான்கு கம்பிக்கு 25.12 மீட்டர்.

ரிங்கின் நீளம்

ரிங்கை பில்லரின் அளவுக்கு வெட்டக் கூடாது. கம்பிக்கு வெளியே நாலாபுறமும் 40 மி.மீ. கான்கிரீட் மறைப்பு வேண்டும். அதனால் 230ல் 80 கழித்து 150. 300ல் 80 கழித்து 220. ரிங்கின் வெளியளவு 150க்கு 220, சுற்றளவு 74 செ.மீ. இதோடு இரண்டு முனைகளின் கொக்கி. கொக்கி வெறுமனே செங்கோணமாக மடங்கி நின்றால் போதாது. 135 பாகை மடங்கி, முனை பில்லரின் வயிற்றுக்குள் போக வேண்டும். பில்லர் நசுங்க நேர்ந்தால் ரிங் பிரியாமல் பிடித்துக்கொள்வது அந்த மடிப்பால்தான். வளைவில் போவதையும் வருவதையும் சரிக்கட்டினால் இரண்டு கொக்கிக்கும் சேர்த்து 16 செ.மீ. கூட்டலாம். ஒரு ரிங்குக்கு 90 செ.மீ.

எத்தனை ரிங்? ஃபுட்டிங் மேல்மட்டம் முதல் ரூஃப் மேல்மட்டம் வரை 4.80 மீட்டர். அதை 0.15ஆல் வகுத்தால் 32. தொடங்கும் ரிங் ஒன்றைச் சேர்த்தால் 33. ஃபுட்டிங்குக்குள் கம்பி அசையாமல் நிற்க இரண்டு. ஆக 35. இதில் பீமும் பில்லரும் சந்திக்கிற முடிச்சுக்குள் வரும் ரிங்குகளும் அடக்கம். பீம் கம்பிகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் அந்த இடத்தில் ரிங் மாட்டுவது சிரமம் என்பதால் வேலையிடத்தில் முதலில் விடுபடுவதும் அதுதான். 35 ரிங்குக்கு 31.5 மீட்டர்.

பீமை ஒட்டிய பகுதியில் ரிங்கை 100 மி.மீ. இடைவெளிக்கு நெருக்கச் சொல்லி வரைபடத்தில் இருந்தால் எண்ணிக்கை கூடும். ஆனால் ஒரு ரிங்கின் எடை 360 கிராம்கூட இல்லை. விலை 24 ரூபாய். ஒரு பில்லருக்கு ஆறேழு ரிங் கூடினாலும் 170 ரூபாயைத் தாண்டாது. கம்பிச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் ரிங்கில் கை வைப்பதைப் போல லாபமில்லாத சிக்கனம் வேறில்லை.

மீட்டருக்கு எத்தனை கிலோ?

கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதி, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். மேஸ்திரிகள் வாய்ப்பாடாக வைத்திருக்கும் இந்த 162 எங்கிருந்து வந்தது? ஒரு கன மீட்டர் எஃகின் எடை 7,850 கிலோ. வட்டமான கம்பியின் வெட்டுப்பரப்பை அதனால் பெருக்கி, மில்லிமீட்டரை மீட்டராக மாற்றி, எண்களைச் சுருக்கினால் மிஞ்சுவது இந்த ஒரே எண்.

16 மி.மீ.க்கு 256ஐ 162ஆல் வகுக்க 1.58 கிலோ. 8 மி.மீ.க்கு 64ஐ வகுக்க 0.395 கிலோ. விட்டம் இரட்டிப்பானால் எடை நான்கு மடங்காகிறது என்பதை இங்கே கவனிக்கலாம். 12 மீட்டர் முழுக் கம்பி ஒன்று, 16 மி.மீ. என்றால் 18.96 கிலோ, 8 மி.மீ. என்றால் 4.74 கிலோ.

விலை நாளுக்கு நாள் மாறும். ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்குக்காக, ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 16 மி.மீ. கிலோ 65 ரூபாய், 8 மி.மீ. கிலோ 67 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய கம்பிக்குக் கிலோவுக்கு ஓரிரு ரூபாய் கூடச் சொல்வது சந்தையில் வழக்கம். ஆகவே எல்லாக் கம்பியையும் ஒரே விலையில் பெருக்காமல், விட்டம் வாரியாகப் பிரித்துப் போடுவது நல்லது.

| கம்பி | நீளம் | மீட்டருக்கு | எடை | விலை | தொகை |
|---|---|---|---|---|---|
| 16 மி.மீ. (4 × 6.28 மீ.) | 25.12 மீ. | 1.58 கி. | 39.69 கி. | ரூ. 65 | ரூ. 2,580 |
| 8 மி.மீ. ரிங் (35 × 0.90 மீ.) | 31.50 மீ. | 0.395 கி. | 12.44 கி. | ரூ. 67 | ரூ. 834 |
| கட்டுக்கம்பி | | | 0.5 கி. | ரூ. 80 | ரூ. 40 |
| மொத்தம் | | | | | ரூ. 3,454 |

ஒரு பில்லருக்கு மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம். வீட்டுக்கு 12 பில்லர் என்றால் 41,448 ரூபாய். இதில் கம்பி கட்டுகிற கூலி சேரவில்லை, அது தனி.

தாளில் 476, லாரியில் 910

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. 12 பில்லருக்கு 16 மி.மீ. கம்பி 476 கிலோ போதும் என்கிறது தாள். கடையிலோ 6.28 மீட்டர் கம்பி கிடையாது, 12 மீட்டர் கம்பிதான் உண்டு. அதில் 6.28 மீட்டரில் ஒரு துண்டு வெட்டினால் மிஞ்சுவது 5.72 மீட்டர். இரண்டாவது துண்டுக்கு 56 செ.மீ. போதவில்லை.

ஆக ஒரு முழுக் கம்பிக்கு ஒரே துண்டு. 12 பில்லருக்கு 48 துண்டு வேண்டும் என்றால் 48 முழுக் கம்பி வாங்க வேண்டும். அது 910 கிலோ, 59,155 ரூபாய். தாளில் போட்ட தொகையோ 30,958. ஏறக்குறைய இரண்டு மடங்கு! மிஞ்சிய 48 துண்டுகளும் வீணாகிவிடவில்லை. உடனே மாடி எடுப்பதாக இருந்தால் 5.72 மீட்டரில் மேல் பில்லருக்கான 3.95 மீட்டரை வெட்டிக்கொள்ளலாம். பீமில் 16 மி.மீ. கம்பி கேட்டிருந்தால் அங்கே போடலாம். இரண்டும் இல்லையென்றால் துண்டுகள் துருப்பிடித்துக்கொண்டு கிடக்கும். கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போகும்.

வேலையிடத்தில் இதற்கு ஒரு குறுக்கு வழி தயாராக இருக்கும். பல ஊர்களில் 12 மீட்டர் கம்பியை லாரியில் ஏற்றுவதற்காக நடுவில் மடக்கியே அனுப்புகிறார்கள். மடிப்பு சரியாக 6 மீட்டரில் விழும்.

"சார், மடிச்ச எடத்துலயே வெட்டிட்டா ரெண்டு பீஸ் வந்துரும். மேல கொஞ்சம் கொறையும், அவ்ளோதான்" என்பார் கம்பி கட்டுகிறவர். அவர் சொல்கிற "கொஞ்சம்" 28 செ.மீ.

கால் மடக்கை வரைபடப்படி கட்டிவிடுகிறார்கள். ஃபுட்டிங்கையும் தள உயரத்தையும் குறைக்க முடியாது. ஆகவே அந்த 28 செ.மீ. முழுக்க லேப்பிலிருந்துதான் போகும். 80 செ.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 52 செ.மீ. நிற்கும். 50 மடங்கு கேட்ட பொறியாளருக்குக் கிடைப்பது 32.5 மடங்கு.

லேப்பில் ஒரு கம்பி இன்னொன்றோடு நேரடியாக ஒட்டிக்கொள்வதில்லை. கட்டுக்கம்பியும் பலத்துக்காகக் கட்டுவதல்ல; கான்கிரீட் இறுகும்வரை இரண்டையும் நகராமல் நிறுத்தி வைக்கத்தான் அது. கீழ்க் கம்பியில் இருக்கும் விசை கான்கிரீட்டுக்குள் இறங்கி, கான்கிரீட் வழியாக மேல் கம்பிக்கு ஏறுகிறது. இறங்கி ஏறுவதற்கு அதற்கு நீளம் வேண்டும். எம்20 கான்கிரீட்டில் 500 தரக் கம்பிக்கு, அழுத்தத்தை மட்டும் தாங்கும் நிலையிலேயே ஐ.எஸ். 456 தருகிற கணக்குப்படி ஏறக்குறைய 45 மடங்கு வருகிறது. இழுவிசையும் வரும் என்றால் அது 56 மடங்கைத் தாண்டும். 32 மடங்கு இரண்டுக்குமே எட்டாது. கான்கிரீட் போட்டபின் இது வெளியே தெரியவும் தெரியாது.

ஆனால் கண்டுபிடிக்க ஒரு சமயம் இருக்கிறது. ரூஃப் போட்ட மறுநாள் மொட்டைமாடிக்கு ஏறி, தளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பில்லர் கம்பியை டேப் வைத்து அளந்து பாருங்கள். 16 மி.மீ. கம்பி 80 செ.மீ.க்குக் குறையாமல் நிற்க வேண்டும். 50ம் 55ம் காட்டினால் கம்பியைப் பாதியாக வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அதைவிட நல்லது, ஃபுட்டிங்கில் கம்பியை நிறுத்தும் முன்பே வெட்டிவைத்த துண்டுகளில் ஒன்றை அளந்துவிடுவது. அப்போது திருத்தலாம், பின்னால் முடியாது.

இணைப்பை நகர்த்தினால்

முழுக் கம்பிக்கு ஒரு துண்டு என்று வெட்டினால் பணம் போகிறது. இரண்டு துண்டு என்று வெட்டினால் பலம் போகிறது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது இணைப்பு வரும் இடத்தை மாற்றுவது.

ஃபுட்டிங்கிலிருந்து ரூஃப் வரை ஒரே கம்பி என்று பிடிவாதம் பிடிக்காமல், பேஸ்மட்டத்துக்கு மேலே 79 செ.மீ. உயரத்தில், அதாவது தளத்தின் கால் பங்கு உயரத்தில், லேப் தொடங்கட்டும். அப்போது கீழ்த்துண்டு 0.30 + 0.38 + 1.65 + 0.79 + 0.80 = 3.92 மீட்டர். 12 மீட்டர் கம்பியில் மூன்று துண்டு, மிச்சம் 24 செ.மீ. மேல்துண்டு அங்கிருந்து ரூஃபைத் தாண்டி, மாடியிலும் அதே உயரத்தில் லேப்புக்கு நீள வேண்டும்: 3.15 + 0.80 = 3.95 மீட்டர். இதிலும் ஒரு முழுக் கம்பிக்கு மூன்று துண்டு, மிச்சம் 15 செ.மீ.

இப்போது 12 பில்லருக்குக் கீழ்த்துண்டு 48க்குப் 16 முழுக் கம்பி, மேல்துண்டு 48க்குப் 16. மொத்தம் 32 கம்பி, 607 கிலோ, 39,437 ரூபாய். 48 கம்பி வாங்குவதைவிட 19,700 ரூபாய் குறைவு. பாதியாக வெட்டும் குறுக்கு வழியை (24 கம்பி, 29,578 ரூபாய்) விட 9,859 ரூபாய் கூடுதல். பில்லருக்கு 820 ரூபாய்தான் வித்தியாசம். அதிலும் ஒரு பகுதி ரூஃபுக்கு மேலே கூடுதலாக நிற்கும் கம்பிக்கானது. மாடி எடுக்கும்போது அது திரும்பக் கணக்கில் வந்துவிடும்.

லேப்பைத் தளத்தின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோவது காசுக்காக மட்டும் சொல்லப்படுவதல்ல. நிலநடுக்கத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஐ.எஸ். 13920, பில்லரில் கம்பி இணைப்பு அதன் உயரத்தின் நடுப்பாதிக்குள்தான் வர வேண்டும் என்கிறது. கட்டடம் பக்கவாட்டில் ஆடும்போது பில்லர் அதிகம் வளைவது பீமை ஒட்டிய மேல், கீழ் முனைகளில்தான். தளத்தை ஒட்டி லேப் வைக்கிற நம் வழக்கம் இணைப்பைச் சரியாக அந்த இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. அதே நெறிமுறை, பாதிக் கம்பிகளுக்கு மேல் ஒரே மட்டத்தில் இணைக்கக் கூடாது, லேப் உள்ள பகுதியில் ரிங்கை நெருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. பில்லரின் எந்தப் பக்கமும் 300 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. நம் ஒன்பது அங்குலப் பில்லர் அந்தச் சோதனையில் தேறாது. எனவே உங்கள் வீட்டுக்கு லேப் எங்கே, எத்தனை மட்டத்தில் என்பதைப் பொறியாளரே முடிவு செய்ய வேண்டும். மட்டங்கள் மாறினால் துண்டுகளின் நீளம் மாறும்; 12 மீட்டரில் எத்தனை துண்டு என்ற கேள்வியை மறுபடி போட வேண்டும்.

மாடியே வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. மேலே லேப் விடாமல் ரூஃப் பீமுக்குள் 30 செ.மீ. மடக்கி முடித்தால் ஒரு கம்பி 5.75 மீட்டர் அளவில் நிற்கும். முழுக் கம்பிக்கு இரண்டு துண்டு தாராளமாக வரும்.

ரிங்கிலும் இதே பார்வை வேண்டும். 12 மீட்டரில் 90 செ.மீ. ரிங் 13 வரும். மிச்சம் 30 செ.மீ. 12 பில்லருக்கு 420 ரிங் என்றால் 33 கம்பி. தாளில் 149 கிலோ, வாங்குவது 156 கிலோ. இங்கே வித்தியாசம் சிறியது. எல்லாவற்றுக்கும் சேர்த்து "சேதாரம் ஐந்து சதவீதம்" என்று மொத்தமாகக் கூட்டிவிடுவது ஏன் சரிவராது என்பது இதிலிருந்து தெரியும். ரிங்குக்கு அந்த ஐந்து ஏறக்குறையப் பொருந்துகிறது. பில்லர் கம்பிக்கு அது எந்த மூலைக்கும் காணாது. தையல்காரர் துணியை விரித்து அளவு போட்டபின் கத்தரியை எடுப்பதைப் போல, துண்டுகளை முழுக் கம்பியின் மேல் தாளில் பொருத்திப் பார்த்தபின்தான் எத்தனை கம்பி என்று சொல்ல முடியும்.

எடையில் ஒளிந்திருப்பது

இதுவரை மீட்டருக்கு 1.58 கிலோ என்று நம்பிக் கணக்குப் போட்டோம். கைக்கு வரும் கம்பி அந்த எடையில் இருக்குமா? கம்பிக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1786 கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. ஒரு தொகுதியின் சராசரி எடை, 10 மி.மீ. வரையுள்ள கம்பிக்கு 7 சதவீதம், 10க்கு மேல் 16 மி.மீ. வரை 5 சதவீதம், அதற்கு மேல் 3 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். தனியாக ஒரு கம்பியை எடுத்துப் பார்த்தால் இந்தக் குறைவு முறையே 8, 6, 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இந்தச் சிறு சலுகை யாருக்கு லாபம் என்பது நீங்கள் வாங்கும் முறையைப் பொறுத்தது. எடைமேடையில் லாரியை ஏற்றி எடைக்குப் பணம் கொடுத்தால், குறைந்த எடைக் கம்பிக்குக் குறைந்த பணம்தான் போகும். காசில் நட்டமில்லை; ஆனால் கம்பி மெலிந்திருக்கிறது, பில்லருக்குப் போய்ச் சேரும் எஃகு குறைகிறது. கடையில் கம்பியை எண்ணி, "ஒண்ணு 18.96 கிலோ" என்று ஏட்டு எடையைப் பெருக்கிப் பில் போட்டால், 5 சதவீதம் மெலிந்த ஒவ்வொரு கம்பிக்கும் 62 ரூபாய் கூடக் கொடுக்கிறீர்கள். 32 கம்பிக்கு இரண்டாயிரத்தைத் தொடும். எஃகும் குறைவு, காசும் கூடுதல். ஆகவே எடை போட்டே வாங்க வேண்டும். கம்பிகளை எண்ணியும் வாங்க வேண்டும். மொத்த எடையை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கம்பியின் சராசரி எடை வரும். 16 மி.மீ.க்கு அது 18.96க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 18 கிலோவுக்குக் கீழே போனால் கேள்வி கேட்கலாம்.

வேலையிடத்தில் செய்யக்கூடிய சோதனை இன்னொன்று. துண்டு ஒன்றில் சரியாக ஒரு மீட்டரை அளந்து, இரண்டு முனையும் நேராக இருக்கும்படி வெட்டி, மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். 16 மி.மீ. என்றால் 1,580 கிராம் இருக்க வேண்டும்; 1,485க்குக் கீழே இருந்தால் தரத்துக்குள் அடங்காது. 8 மி.மீ. என்றால் 395 கிராம். கீழ் எல்லை 363. வெர்னியர் வைத்து விட்டத்தை அளந்து பார்ப்பது இங்கே உதவாது. கம்பியின் மேல் வரிவரியாகப் புடைப்பு இருப்பதால், எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அளவு மாறும். எடைதான் நம்பகமான சாட்சி.

விலையிலும் ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கம்பிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். தொலைபேசியில் "கிலோ 55" என்று ஒருவரும் "65" என்று இன்னொருவரும் சொன்னால், முதலாமவர் மலிவு என்று முடிவுகட்ட வேண்டாம். 55 மேல் 18 சதவீதம் போட்டால் 64 ரூபாய் 90 காசு. இருவர் சொன்னதும் ஒரே விலைதான். வரி சேர்த்தா, லாரி வாடகை சேர்த்தா, இறக்குகூலி யாருடையது என்ற மூன்று கேள்விக்கும் பதில் வாங்கியபின்தான் இரண்டு விலையை ஒப்பிட முடியும்.

எங்கே குறைக்கக் கூடாது

இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டதும் சிலருக்கு ஓர் ஆசை வரும்: 16க்குப் பதிலாக 12 மி.மீ. போட்டால் என்ன? மீட்டருக்கு 1.58 கிலோ 0.889ஆகக் குறையும். பில்லருக்குப் 17 கிலோவுக்கு மேல், ஏறக்குறைய 1,130 ரூபாய் மிச்சம். ஆனால் ஐ.எஸ். 456 பில்லரின் பரப்பில் 0.8 சதவீதமாவது நிலைக்கம்பி இருக்க வேண்டும் என்கிறது. 230க்கு 300 பில்லருக்கு அது 552 சதுர மி.மீ. நான்கு 12 மி.மீ. கம்பியின் பரப்பு 452தான். தாங்க வேண்டிய சுமை எவ்வளவு என்ற கேள்விக்குப் போகும் முன்பே, குறைந்தபட்ச அளவிலேயே அது தோற்றுவிடுகிறது. நான்கு 16 மி.மீ. 804 சதுர மி.மீ. தருகிறது. கம்பியின் விட்டம், எண்ணிக்கை, ரிங் இடைவெளி, லேப் நீளம் நான்கும் பொறியாளர் எழுதியபடி நிற்க வேண்டும். வீட்டுக்காரர் சேமிக்கக்கூடிய இடம் வெட்டும் முறையிலும் வாங்கும் முறையிலும் மட்டுமே இருக்கிறது.

அதற்குத் தேவை ஒரே ஒரு தாள். எந்த இடத்துக் கம்பி, என்ன விட்டம், ஒரு துண்டின் நீளம், எத்தனை துண்டு, 12 மீட்டரில் எத்தனை துண்டு வரும், மிச்சம் எவ்வளவு என்று வரிசையாக எழுதிய கம்பி அட்டவணை. பொறியாளரிடம் வரைபடத்தோடு இதையும் கேட்டு வாங்குங்கள். கம்பி கட்டுகிறவரை உட்காரவைத்து, அவரோடு சேர்ந்து ஒருமுறை சரிபாருங்கள். கடைக்குப் போன் செய்வது அதற்குப் பிறகு இருக்கட்டும். அட்டவணை இல்லாமல் "ஒரு டன் இறக்கிடுங்க" என்று சொல்லி வாங்குகிற கம்பியில், எவ்வளவு பில்லருக்குள் போனது, எவ்வளவு மூலையில் துருப்பிடிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.